ஊசி போட்ட பிறகு பிள்ளைக்கு ஏதும் நடந்தால்: யாரிடம் சொல்வது, எப்படி விசாரிக்கிறார்கள்?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கிளினிக்குகளில் தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். பதில்கள் பொதுச் சுகாதாரப் பகுதியில் நீண்ட நாள் வேலை செய்தவரின் பதில்கள். நடுவில் ஒரு பிள்ளையின் கதை வரும். பிள்ளை கற்பனை, ஆனால் விசாரணை நடக்கும் முறை அப்படித்தான்.

ஊசி போட்டா காய்ச்சல் வாற வழமதானே. எது சாதாரணம், எது பாரதூரம்?

போட்ட இடம் சிவந்து வீங்குவது, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், சிணுக்கம், பால் குடிக்க மனமில்லாமல் இருப்பது எல்லாம் எதிர்பார்த்தவை. பரசிட்டமோல் எவ்வளவு கொடுப்பதென்று கிளினிக்கிலேயே சொல்லி அனுப்புவார்கள்.

பாரதூரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உயிர் போனால், உயிருக்கு ஆபத்து வந்தால், வார்டில் அனுமதிக்க வேண்டி வந்தால், நிரந்தரமான ஊனம் ஏற்பட்டால் அது பாரதூரமான நிகழ்வு. இவற்றில் சேராவிட்டாலும் சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வலிப்பு, மூன்று மணிநேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுவது, பிள்ளை துவண்டு வெளிறிப்போவது, ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டுவது. முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், அல்லது கிடைக்கிற ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரிட்டச் சொல்லணும்? ஊசி போட்ட மிட்வைப்பிட்டயா, ஆஸ்பத்திரியிலயா?

முதலில் வைத்தியம். ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போதே "இத்தனையாம் தேதி, இத்தனை மணிக்கு ஊசி போட்டது" என்று சொல்லி, பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். ஊசியின் பெயரும் போட்ட தேதியும் தொகுதி இலக்கமும் அதில் இருக்கும். அவசரத்தில் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். அப்படியானால் யாரையாவது அனுப்பி எடுப்பியுங்கள்.

வார்டு வைத்தியர் அறிவித்தல் படிவத்தை நிரப்பி, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். எங்கள் வாயில் அது எம்.ஓ.எச். ஒபிஸ். வீட்டில் நடந்து வீட்டிலேயே சரியாகிவிட்டால் மிட்வைப்பிடமோ அந்த ஒபிஸிலோ சொல்லலாம். தனியார் வைத்தியரிடம் காட்டியிருந்தால் அவரும் அறிவிக்கலாம். அவர் மறந்தாலும் நீங்கள் சொன்னால் பதிவாகும். பாரதூரமானதென்றால் எம்.ஓ.எச். தாள் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்க மாட்டார், கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார்.

அம்பாறை மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனைக்குக் கீழ் வருகிறது, உள்பகுதி அம்பாறைப் பணிமனைக்குக் கீழ். சம்மாந்துறையில் ஊசி போட்ட பிள்ளை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் படுத்திருப்பதும் நடக்கும். எந்தப் பணிமனை என்று தேடுவது உங்கள் வேலையல்ல, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஊசிதான் காரணமெண்டு எனக்கே உறுதியில்ல. அப்பவும் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். அறிவித்தல் படிவம் கேட்பது "ஊசிக்குப் பிறகு என்ன நடந்தது" என்பதைத்தான். "ஊசியால் நடந்ததா" என்ற கேள்வி அதில் வைத்தியருக்கே இல்லை, பிறகெப்படி தாய்க்கு இருக்கும்? காரணம் தேடுவது அடுத்த கட்டம். அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தாமதிக்க வேண்டாம். ஊசி மருந்துக் குப்பி, இரத்த மாதிரி, யாருக்கு எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்ற ஞாபகம், மூன்றும் நாளாக நாளாகக் கைநழுவிப் போகிறவை. உதாரணத்துக்கு, கடும் ஒவ்வாமையா என்று பார்க்கும் டிரிப்டேஸ் இரத்தப் பரிசோதனைக்கு முதல் சில மணிநேரத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும். அடுத்த நாள் எடுத்தால் அது ஒன்றும் சொல்லாது.

எத்தன நாளுக்குள்ள நடந்தா ஊசியோட சேத்துப் பாக்கிற?

அறிவிப்பதற்கு நாள் எல்லை கிடையாது. விசாரிக்கும்போதுதான் நாட்கணக்கு முக்கியம், அதுவும் ஊசிக்கு ஊசி மாறும். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அரை மணிநேரத்துக்குள் தலைகாட்டும். கிளினிக்கில் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகத்தான், வெயில் தணியட்டும் என்றல்ல. இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியின் காய்ச்சலும் துவளலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும்.

ஒன்பதாம் மாதம் போடும் எம்.எம்.ஆர். வேறு மாதிரி. அதிலுள்ள சின்னமுத்துக் கிருமி உயிருள்ளது, பலமிழக்கச் செய்தது. அது உடம்பில் பெருக நாள் பிடிக்கும். அதனால் காய்ச்சலும், காய்ச்சலோடு வரும் வலிப்பும் ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் வரும். ஊசி போட்ட அன்று இரவே வலிப்பு வந்தால் எம்.எம்.ஆர். மேல் சந்தேகம் குறையும், எட்டாம் நாள் வந்தால் கூடும். தாய்மார் பொதுவாக இதை மறுபக்கமாக நினைக்கிறார்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. இன்னும் மெதுவானது. அக்குளில் கட்டி வர வாரங்கள், மாதங்கள் கூட ஆகலாம்.

நாங்க சொன்னா மிட்வைப்புக்கு வேல போயிருமே? பாவம் அவ, எங்கட ஊர்ப் புள்ள.

இந்தத் தயக்கத்தால் சொல்லாமல் விட்டவர்கள் நிறைய. அறிவித்தல் யாரையும் குற்றம் சாட்டும் முறைப்பாடு இல்லை. எம்.ஓ.எச். ஒபிஸ் மாதாமாதம் தன் பகுதியில் நடந்தவற்றைத் தொகுத்து மேலே அனுப்ப வேண்டும். ஒன்றும் நடக்காத மாதத்திலும் "இல்லை" என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான ஊசி போட்ட பகுதியிலிருந்து மாதக்கணக்கில் "இல்லை" என்றே வந்தால் மேலிடத்துக்குச் சந்தேகம்தான் வரும்.

போட்ட முறையில் பிழை என்று தெரிய வந்தால் பயிற்சியும் மேற்பார்வையும் மாறும். தெரிய வராவிட்டால் அதே பிழை அடுத்த கிளினிக்கிலும் நடக்கும். அது அந்த ஊர்ப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

சொன்ன பிறகு என்ன நடக்கும்? ஆர் வீட்ட வாற?

இங்கேதான் அந்தப் பிள்ளையின் கதை. படுவான்கரையில் ஒரு கிராமம், இரண்டு மாதப் பெண்குழந்தை. காலை ஒன்பதரைக்குக் கிளினிக்கில் ஐங்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து பால் குடித்துத் தூங்கினாள். ஒன்றே முக்கால் போல அம்மம்மா தூக்கியபோது உடம்பு துணி மாதிரித் துவண்டிருந்தது. முகம் வெளிறி, உதட்டைச் சுற்றிச் சற்று நீலம். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் மெல்ல அசைந்தாள். பிரதேச வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது அழுதுகொண்டிருந்தாள், அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள்.

வார்டில் முதலில் பார்த்தது ஊசியை அல்ல, உயிருக்கு ஆபத்தான மற்றக் காரணங்களை. இரத்தச் சீனி, ஒட்சிசன் அளவு, இதயத் துடிப்பு, கிருமித் தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை. பால் புரையேறியதா, வலிப்பா என்று அம்மம்மாவிடம் துருவிக் கேட்டார்கள்: கை கால் இழுத்ததா? வாயில் நுரை வந்ததா? உடம்பு விறைத்ததா, துவண்டதா? விறைத்தால் ஒரு வழி, துவண்டால் இன்னொரு வழி என்பதால்தான் அந்த ஒரு கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். சந்தேகப்பட்டல்ல.

அடுத்த நாள் எம்.ஓ.எச். விசாரணைப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளை பிறந்த நிறை, முந்தைய நோய்கள், குடும்பத்தில் வலிப்பு, அந்த வாரம் சளி காய்ச்சல், கொடுத்த வேறு மருந்து, நாட்டு மருந்தும் உட்பட. பிறகு கிளினிக்குக்குப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு இரண்டிலிருந்து எட்டுப் பாகை செல்சியசுக்குள் நிற்கிறதா, இடையில் கரண்ட் போன நாள் உண்டா, குப்பி எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, காலாவதித் தேதி, தொகுதி இலக்கம், அன்று அதே குப்பியில் யார் யாருக்குப் போட்டது. மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்ப் பார்த்தார்கள். திறந்த குப்பியையும் அதே தொகுதியில் திறக்காத குப்பிகளையும் குளிரில் பத்திரப்படுத்தினார்கள்.

அந்தப் புள்ளைக்கு ஊசிதான் காரணமெண்டு எப்பிடி முடிவெடுத்தாங்க?

முடிவெடுப்பது ஒரு நிபுணர் குழு. அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நாலு படியான முறையொன்று இருக்கிறது. முதற்படி, என்ன நடந்தது என்பதற்குச் சரியான நோய்ப் பெயர். "மயக்கம்" என்பது பெயராகாது. திடீரென்று துவளல், கூப்பிட்டால் கவனிக்காமை, வெளிறல் அல்லது நீலம்பாரித்தல் மூன்றும் சேர்ந்து, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, ஊசி போட்டு 48 மணிநேரத்துக்குள் வந்தால் அதற்கு ஒரு வரையறை உண்டு. தமிழில் துவண்டு உணர்விழக்கும் நிகழ்வு என்று சொல்லலாம். இந்தப் பிள்ளைக்கு மூன்றும் இருந்தன.

இரண்டாம் படி ஒரு கேள்விப் பட்டியல். வேறு காரணத்துக்கு வலுவான ஆதாரம் உண்டா? இந்த ஊசி இப்படிச் செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்ததா? போட்டதில் பிழையா, மருந்தில் பழுதா? காலக்கணக்கு பொருந்துகிறதா? அந்தப் பதில்களைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் படியில் வழி பார்த்து, நாலாம் படியில் வகைப்படுத்துவார்கள். இந்தப் பிள்ளையின் சீனி சரி, தொற்று இல்லை, இதயத்தில் கோளாறில்லை. ஐங்கூட்டு ஊசியில் ஒரு பகுதி கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்தது. அப்படியான ஊசிக்கு இந்த நிகழ்வு வரக்கூடியதென்று முன்பே தெரியும். நாலு மணிநேரமும் பொருந்துகிறது. ஆகவே முடிவு: ஊசியின் தன்மையால் வந்தது. வைத்தியர்கள் அதை ஒளிக்கவில்லை, தாயிடமே சொன்னார்கள். இது தானாகத் தெளிந்துவிடும், பின்விளைவு வைக்காது என்பதையும் சேர்த்து.

ஒரு விடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாம் இதேபோல இருந்து, முள்ளந்தண்டு நீரில் மூளையுறை அழற்சிக் கிருமி வளர்ந்திருந்தால் முடிவு தலைகீழ். காலக்கணக்கு பொருந்தினாலும் ஊசி காரணமல்ல என்றாகும். "ஊசி போட்டு நாலு மணிநேரத்தில்" என்ற தகவல் இரண்டு கதையிலும் ஒன்றுதான். அது தனியே எதையும் தீர்க்காது.

அதே குப்பியில மத்தப் புள்ளைகளுக்கும் போட்டதே, அதுகளுக்கு ஒண்டும் வரல்லயே. அப்ப ஊசியில பிழை இல்லதானே?

மற்றவர்களுக்கு வராதது ஒரு துப்பு, அவ்வளவுதான். பத்துப் பேருக்குப் போடும் குப்பி கிருமிபட்டிருந்தால் ஒருவரோடு நிற்காது. ஒன்பது பேரும் சுகமாக இருப்பதால் மருந்து பழுது, கிளினிக் பிழை என்ற இரண்டும் பெரும்பாலும் விலகும். ஆனால் ஊசியின் இயல்பால் வரும் அரிய எதிர்விளைவு குப்பியைப் பார்த்து வராது, பிள்ளையைப் பார்த்து வரும். மேலே சொன்ன பிள்ளையின் குப்பியில் மற்ற ஒன்பது பேருக்கும் காய்ச்சல்தான்.

மருந்து பழுதாகியோ பிழையாப் போட்டோ இருந்தா எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

அடையாளம் கூட்டமாக வருவது. ஒரே கிளினிக், ஒரே நாள், ஒரே குப்பி, பல பிள்ளைகள். எம்.எம்.ஆர். போன்றவை தூளாக வரும், திரவத்தில் கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்ததை ஆறு மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வைத்திருந்தால் அதில் கிருமி வளர்ந்து நச்சு சுரக்கும். ஊசி போட்ட சில மணிநேரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் என்று பல பிள்ளைகள் விழுந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

2017இல் தென் சூடானில் கப்போயெற்றாப் பகுதியில் சின்னமுத்து ஊசி போட்ட 15 பிள்ளைகள் இறந்தார்கள். விசாரித்தபோது ஒரே சிரிஞ்சை நாட்கணக்கில் மருந்து கரைக்கப் பாவித்ததும், மருந்தைக் குளிரில் வைக்காததும் தெரியவந்தது. ஊசி மருந்தில் குறையில்லை, கையாண்ட விதத்தில் குறை. 2018இல் சமோவாவில் இரண்டு குழந்தைகள் இறந்ததும் அப்படி: எம்.எம்.ஆர். தூளைக் கரைக்க வேண்டிய திரவத்துக்குப் பதில் காலாவதியான மயக்க மருந்து கலக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு அங்கே அரசாங்கம் எம்.எம்.ஆரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது, சனங்களின் நம்பிக்கையும் விழுந்தது. அடுத்த வருடம் சின்னமுத்து பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு பிள்ளைகள்.

பள்ளிக்கூடத்தில ஊசி போட்டு ஒரே வகுப்பில ஏழெட்டுப் பொம்புளப் புள்ளைகள் மயங்கி விழுந்தா? அதுவும் கூட்டம்தானே?

நல்ல கேள்வி, முந்தைய பதிலை மட்டும் பிடித்துக்கொண்டால் இதில் தடுக்கி விழுவோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசியும் ஏற்பு ஊசியும் பள்ளியில் போடும்போது இது நடக்கிறது. பார்க்க வேண்டியது யார் விழுந்தார்கள், எப்போது, எப்படி எழுந்தார்கள் என்பதை. வரிசையில் நிற்கும்போதே, ஊசி போடாத பிள்ளையும் விழுந்தால் அதுவே பதில். பயத்தில் விழும்போது நாடித் துடிப்பு மெதுவாகும், கிடத்திக் காலை உயர்த்தினால் நிமிடத்தில் தெளியும், தோலில் தடிப்பில்லை. ஒவ்வாமையில் நாடி வேகமாகும், தடிப்பும் மூச்சிழுப்பும் வரும், கிடத்தினாலும் தெளியாது.

இந்தப் பயத்தாலான நிகழ்வுக்கும் விசாரணையில் தனி வகை உண்டு. "நடிக்கிறாள்" என்று ஒருவரும் எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது. விழுந்தது உண்மை, தலையில் அடிபட்டால் காயமும் உண்மை. கொலம்பியாவில் ஒரு சிறு நகரத்தில் 2014இல் நூற்றுக்கணக்கான மாணவிகள் இப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். விழுந்த பிள்ளைகளின் வீடியோக்கள் பரவப் பரவ அதுவும் பரவியது. எங்கள் பள்ளிகளில் மறைவான அறையில், உட்கார வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்குப் போட்டால் இது குறையும்.

ஊசி போட்ட அண்டைக்கே நடந்தா, ஊசியில்லாம வேற என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில் மூன்று தடவை ஊசி. ஒவ்வொன்றுக்கும் பிந்திய ஒரு கிழமையை எடுத்தால் 21 நாள். இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை ஏறக்குறைய 183 நாள். ஊசிக்கும் நோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும், அந்த வயதில் வரும் எந்த நோயும் ஒன்பதில் ஒன்று ஊசிக் கிழமைக்குள் வந்து விழும். தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறப்பது அதிகம் நடப்பதும் இரண்டிலிருந்து நாலு மாத வயதில்தான், ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இது "தற்செயல்" என்று சொல்லிக் கைகழுவ ஒரு சாட்டாகக் கூடாது. தற்செயல் என்று முடிவெடுக்கவும் ஆதாரம் வேண்டும்: வேறு நோய் என்ன என்று கண்டு காட்ட வேண்டும், முன்னே சொன்ன மூளையுறை அழற்சி மாதிரி. வேறு நோயும் கிடைக்கவில்லை, ஊசி என்றும் காட்ட முடியவில்லை என்றால் அது தற்செயல் வகையில் சேராது. அதற்கு வேறு வகை, கீழே வரும்.

புள்ள மௌத்தாகிட்டா, உடனே அடக்கணும். உடல வெட்டிப் பாக்கத்தான் வேணுமா?

இதைவிடக் கஷ்டமான கேள்வி இல்லை. பதில்: வேண்டும். ஊசிக்குப் பிறகு நடந்த மரணத்தில் பிரேதப் பரிசோதனை இல்லையென்றால் பெரும்பாலும் முடிவே இல்லாமல் போகும். இதயத்தில் பிறவிக் கோளாறு, நுரையீரல் தொற்று, புரையேறியது, எல்லாவற்றையும் அதில்தான் பார்க்க முடியும். பிறகு தோண்டி எடுத்தாலும் முழுப் பதில் கிடைக்காது. கோபத்தில் "ஊசியால்தான்" என்று சொல்லிக்கொண்டு பரிசோதனையை மறுக்கும் குடும்பம், தன் பக்க ஆதாரத்தைத் தானே மண்ணில் புதைக்கிறது.

நடைமுறை இது. திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிப்பார்கள், அவர் கேட்க, சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். ஜனாஸா அவசரத்தை அவர்கள் அறிவார்கள். குடும்பத்தில் ஒருவர் அமைதியாகப் போய் "இன்று அஸருக்குள் அடக்க முடியுமா" என்று கேட்டால், மாதிரிகளை எடுத்துக்கொண்டு உடலைச் சீக்கிரம் தர முயல்வார்கள். இழைய மாதிரி, நச்சுப் பரிசோதனை முடிவுகள் வர வாரக்கணக்காகும், அதற்காக உடலை வைத்திருக்க மாட்டார்கள். தாய் கடைசியாகப் பால் கொடுத்த நேரம், பிள்ளையைப் படுக்கவைத்த விதம், முதலில் கண்டவர் யார், இவற்றை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

"தீர்மானிக்க முடியவில்லை" எண்டு கடிதம் வந்தா, மூடி மறைக்கிறாங்களா?

அப்படி ஒரு வகை உண்மையில் இருக்கிறது, இரண்டு மாதிரி. ஒன்று: காலக்கணக்கு பொருந்துகிறது, வேறு காரணமும் இல்லை, ஆனால் இந்த ஊசி இதைச் செய்யும் என்று உலகத்தில் இதுவரை ஆதாரமில்லை. மற்றது: ஊசி பக்கமும் வேறு காரணப் பக்கமும் ஆதாரம் இழுபறி. இவையிரண்டும் போக, பிரேதப் பரிசோதனை இல்லாமலோ தகவல் குறைந்தோ வகைப்படுத்தவே முடியாதவை உண்டு. அவை தகவல் வந்தால் மறுபடி திறக்கப்படும்.

முதல் மாதிரிதான் முக்கியம். அது மூடுவதல்ல, சேர்த்து வைப்பது. அதே மாதிரி இன்னொரு ஊரில் ஒன்று, இன்னொரு நாட்டில் ஒன்று என்று சேரும்போது புதிய எதிர்விளைவு வெளிப்படும். கொவிட் காலத்தில் அஸ்ட்ராசெனெகா ஊசிக்குப் பிறகு இரத்தத் தட்டுகள் குறைந்து, அதே நேரம் இரத்தம் கட்டியாவது நோர்வேயிலும் ஜேர்மனியிலும் சிலருக்குக் கண்டது அப்படித்தான். 2021 ஏப்ரலில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய முகமை அதை மிக அரிய பக்கவிளைவாகச் சேர்த்தது. அதற்கு முன் அது "ஆதாரம் போதாது" என்ற இடத்தில்தான் நின்றது. எங்கள் நாட்டிலும் 2008 ஜனவரியில் ஐங்கூட்டு ஊசி வந்து, சில குழந்தைகளின் மரணத்துக்குப் பிறகு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஒவ்வொரு மரணமாகப் பார்த்த பின்னரே மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தியதே அறிவித்தல்கள் வந்ததால்தான்.

அடுத்த ஊசி போடலாமா, வேணாமா?

காரண விசாரணை முடியும்வரை நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், மிட்வைப்பும் முடிவெடுக்க மாட்டார். உறுதியான கடும் ஒவ்வாமை என்றால் அதே ஊசி திரும்ப இல்லை. படுவான்கரைப் பிள்ளைக்கு வந்தது போன்ற துவளல் அடுத்த தடவையும் வரும் என்று இல்லை, பெரும்பாலும் வராது. குழந்தை நல வைத்திய நிபுணர் பார்த்து, ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு போடுவதா, கக்குவான் கிருமியின் சில பகுதிகளை மட்டும் கொண்ட ஊசிக்கு மாறுவதா என்று தீர்மானித்துக் கொப்பியில் எழுதித் தருவார். எழுதித் தராவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள். அடுத்த கிளினிக்கில் புதிய மிட்வைப் இருப்பார், உங்கள் வாய்மொழி அவருக்குப் போதாது.

முடிவில எங்களுக்கு நம்பிக்கையில்லையெண்டா என்ன செய்யிற?

முதலில் எந்த வகையில் சேர்த்தார்கள், ஏன் என்று எம்.ஓ.எச். ஒபிஸில் கேளுங்கள். "ஊசியில்லையாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வரும் கோபத்துக்கும், எந்த ஆதாரத்தை வைத்து எந்தப் படியில் முடிவெடுத்தார்கள் என்று தெரிந்து கேட்கும் கேள்விக்கும் பதில் வேறாக இருக்கும். நிபுணர் குழு பார்ப்பது காரணத்தை. யார் குற்றவாளி, நட்டஈடு எவ்வளவு என்பது அதன் வேலையல்ல, அவற்றுக்கு வழி வேறு.

புதிதாக ஏதாவது உங்களிடம் இருந்தால் கொடுங்கள், முடிந்த விசாரணையையும் திரும்பப் பார்க்கலாம். பிள்ளை துவண்டபோது கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை: விறைத்ததா துவண்டதா என்று மூன்று பேர் கேட்ட கேள்விக்கு அது ஒரு நொடியில் பதில் சொல்லும். ஆஸ்பத்திரித் துண்டு, வீட்டில் கொடுத்த மருந்துப் போத்தல், பிறகு வேறு வைத்தியர் கண்டுபிடித்த நோயின் அறிக்கை எல்லாவற்றிலும் பிரதி எடுத்துக் கொடுத்து, மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் விளக்கினால் புரியவில்லை என்று சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.